மாதத்துக்கு நான்கு வாரம் என்று யார் சொன்னது?

சிட்னியின் மேற்குப் புறநகரில் இரண்டு வீடுகள் வாடகைக்கு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டுக்கு வாரம் 600 டாலர். இரண்டாவது வீட்டுக்காரர் மாதக் கணக்கில் சொல்கிறார்: மாதம் 2,500 டாலர். எது மலிவு? சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ புதிதாக வந்து இறங்கியவர்கள் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள். அறுநூறு நாலு இரண்டாயிரத்து நானூறு, ஆகவே முதல் வீடுதான் நூறு டாலர் குறைவு என்று.

உண்மையில் முதல் வீடுதான் அதிகம். அதற்கு மாதம் சராசரியாக 2,607 டாலர் ஆகிறது. மாதம் 107 டாலர் கூடுதலாகக் கொடுக்கப்போகும் வீட்டை, நூறு டாலர் மிச்சம் என்று நினைத்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

நம் ஊரில் வாடகை மாதக் கணக்கு. ஒன்றாம் தேதியோ ஐந்தாம் தேதியோ கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் வரை அதைப் பற்றிய பேச்சு இல்லை. ஆஸ்திரேலியாவில் விளம்பரத்திலும் ஒப்பந்தத்திலும் வாடகை பெரும்பாலும் வாரக் கணக்கில்தான் இருக்கும். கட்டுவது வாரா வாரமாக இருக்கலாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக இருக்கலாம், மாதம் ஒருமுறையாகவும் இருக்கலாம். இரண்டு வாரத் தவணையை அங்கே ஃபோர்ட்நைட் என்பார்கள். பலருக்குச் சம்பளமும் அதே தவணையில் வருவதால் குடும்பக் கணக்கே ஃபோர்ட்நைட்டில்தான் ஓடும். மாதக் கணக்கில் பழகியவர்கள் இதைத் தங்களுக்குப் புரிகிற எண்ணாக மாற்றப் பார்க்கிறார்கள். தவறு அந்த இடத்தில்தான் நேர்கிறது.

நான்கு வாரம் என்றால் 28 நாள். ஆண்டில் 28 நாளோடு முடிகிற மாதம் பிப்ரவரி மட்டுமே, அதுவும் லீப் ஆண்டில் இல்லை. மற்ற பதினொரு மாதங்களுக்கும் 30 அல்லது 31 நாள். பன்னிரண்டு மாதத்தையும் 28 நாளாக எடுத்துக்கொண்டால் 336 நாள்தான் வரும். மீதி 29 நாள் கணக்கில் இல்லை. ஆனால் அந்த 29 நாளும் நாம் அந்த வீட்டில்தான் தூங்கி எழுந்திருக்கிறோம், வீட்டுக்காரர் அதற்கும் வாடகை கேட்பார். வாரம் 600 டாலர் வீட்டில் அந்த 29 நாளின் மதிப்பு 2,486 டாலர். ஏறக்குறைய ஒரு மாத வாடகை முழுவதுமாகக் காணாமல் போகிறது.

சரியாக மாற்றுவதற்கு வாரத்திலிருந்து நேரே மாதத்துக்குத் தாவக் கூடாது. மாதத்தின் நீளம் மாறிக்கொண்டே இருக்கிறது. நாளும் ஆண்டும்தான் நிலையானவை. ஆகவே வார வாடகையை 7 ஆல் வகுத்து ஒரு நாள் வாடகையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதை 365 ஆல் பெருக்கினால் ஆண்டு வாடகை. அதை 12 ஆல் வகுத்தால் மாத வாடகை. 600 டாலரை இப்படிக் கொண்டுபோனால் நாளுக்கு 85.71, ஆண்டுக்கு 31,285.71, மாதத்துக்கு 2,607.14 என்று வருகிறது. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் வாடகையை மாதா மாதம் வாங்குகிற ஏஜென்டுகள் பலர்; அங்கே ஒப்பந்தத்தில் எழுதப்படும் மாத வாடகை இந்த முறையில் வந்ததுதான். விளம்பரத்தில் 600 என்று பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் 2,607 என்று பார்க்கிறவர்கள் ஏஜென்ட் ஏமாற்றுகிறார் என்று பதறுவதுண்டு. ஏமாற்று இல்லை, கணக்கு சரிதான்.

கணினியில் விரிதாளில் செலவுக் கணக்கு வைத்திருப்பவர்கள், வார வாடகை A2 கட்டத்தில் இருந்தால், பக்கத்துக் கட்டத்தில் இப்படி எழுதிக்கொள்ளலாம்:

```
=A2*365/7/12
```

ஃபோர்ட்நைட் தொகையாக இருந்தால் 7-க்குப் பதில் 14.

வீடு பார்க்கப் போய் நிற்கிற இடத்தில் இவ்வளவு செய்ய முடியாது என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. நான்கு வார வாடகையோடு ஒரு வார வாடகையில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 600 டாலருக்கு நான்கு வாரம் 2,400, மூன்றில் ஒரு பங்கு 200, மொத்தம் 2,600. இது ஆண்டுக்கு 52 வாரம் என்று வைத்து 12 ஆல் வகுப்பதற்குச் சமம். ஃபோர்ட்நைட் 1,200 என்றால் ஆண்டுக்கு 26 தவணை, 31,200 டாலர். 12 ஆல் வகுத்தால் அதே 2,600. 52 வாரம் என்பது 364 நாள் என்பதால் ஆண்டுக்கு ஒரு நாள் வாடகை இதில் விடுபடும். மாதத்துக்கு ஏழு டாலர் வித்தியாசம். வீடு தேடும்போது ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். ஒப்பந்தம் எழுதவோ, தானாகப் பணம் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யவோ இது போதாது. அங்கே 365 நாள் கணக்குதான் வேண்டும்.

வங்கி ஏற்பாட்டைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தவறு உண்மையான சேதத்தை உண்டாக்குவது அங்கேதான்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒரு குடும்பம் வாரம் 600 டாலருக்கு வீடு எடுத்திருக்கிறது. கணவருக்கு மாதச் சம்பளம். ஆகவே ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி 2,400 டாலர் ஏஜென்டின் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவிட்டார். ஒரு மாதமும் தவறவில்லை, ஒரு நாளும் தாமதமில்லை. அவரளவில் அவர் ஒழுங்காக வாடகை கட்டுகிறவர்.

ஏஜென்டின் பேரேட்டில் கதை வேறு. அங்கே மாதம் என்ற ஒன்றே இல்லை. வருகிற பணம் எத்தனை நாளுக்கு என்று பார்த்து, எந்தத் தேதி வரை வாடகை கட்டியாயிற்று என்பதை மட்டும் நகர்த்திக்கொண்டே போவார்கள். 2,400 டாலர் வந்தால் தேதி 28 நாள் நகரும், அவ்வளவுதான். 2026 ஜனவரி 1-ஆம் தேதி குடியேறியதாக எடுத்துக்கொண்டு பார்ப்போம். முதல் பணத்தில் ஜனவரி 28 வரை வாடகை தீர்ந்தது. பிப்ரவரி 1-ஆம் தேதி வந்த பணம் ஜனவரி 29-இலிருந்து கணக்காகிப் பிப்ரவரி 25 வரை வருகிறது. மார்ச் மாதப் பணம் மார்ச் 25 வரை. பிப்ரவரிக்கு 28 நாள் என்பதால் அந்த ஒரு முறை மட்டும் இடைவெளி வளரவில்லை. ஏப்ரல் பணம் ஏப்ரல் 22 வரை. மே பணம் மே 20 வரை. ஜூன் பணம் ஜூன் 17 வரை.

இப்போது ஜூன் 30-ஆம் தேதி நின்று பாருங்கள். ஜூன் 17 வரைக்குத்தான் வாடகை கட்டியிருக்கிறது. 13 நாள் பாக்கி. அடுத்த நாள் ஜூலை மாதப் பணம் போகிறது, தேதி ஜூலை 15-க்கு நகர்கிறது. ஜூலை 31-ஆம் தேதி பார்த்தால் பாக்கி 16 நாள்.

நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி வாடகை 14 நாளோ அதற்கு மேலோ கட்டப்படாமல் நின்றால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுக்கலாம். ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவர் ஏழாவது மாதத்தில் அந்த வரம்பைத் தாண்டிவிட்டார். அவருக்கு அது தெரியாது. ஏஜென்டிடமிருந்து மின்னஞ்சல் வரும்போது, "நான் மாசா மாசம் கட்டிக்கிட்டுத்தானே இருக்கேன் சார்" என்று வங்கிக் கணக்குத் தாளைக் காட்டுவார். தாளில் இருப்பது உண்மை. பாக்கியும் உண்மை. டிசம்பர் 31 வரை இப்படியே விட்டால் முழுதாக 29 நாள் பாக்கி நிற்கும்.

நோட்டீஸ் வந்துவிட்டாலே வீடு போய்விட்டது என்று அர்த்தமில்லை. பாக்கி முழுவதையும் கட்டிவிட்டாலோ, தவணையாகக் கட்டுவதாக ஒத்துக்கொண்டு அதன்படி கட்டினாலோ, பொதுவாக அதோடு விஷயம் முடிந்துவிடும். ஆனால் அடுத்த வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது பழைய ஏஜென்டின் வாடகைப் பேரேட்டைக் கேட்பார்கள். வீடு கிடைப்பதே அரிதாக இருக்கும் ஊரில் அதில் பாக்கிக் குறிப்பு இருப்பது நல்லதல்ல.

இந்த நிலையில் இருக்கிறோமா என்று கண்டுபிடிக்க ஏஜென்டிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "எந்தத் தேதி வரை என் வாடகை கட்டியிருக்கிறது?" எவ்வளவு பாக்கி என்று கேட்பதைவிட இது நல்ல கேள்வி. மாதா மாதம் அந்தத் தேதி மூன்று நாள், இரண்டு நாள் என்று பின்வாங்கிக்கொண்டே இருந்தால், நீங்கள் கட்டுவது நான்கு வார வாடகை; மாத வாடகை அல்ல.

இந்தக் குழப்பத்துக்கு நியூ சவுத் வேல்ஸில் ஒரு தனிக் காரணமும் உண்டு. வீட்டுக்கு நாம் கொடுக்கிற முன்பணத்தை அங்கே பாண்ட் என்பார்கள். சட்டப்படி அது நான்கு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது. நம் ஊர் அட்வான்ஸ் போலப் பத்து மாத வாடகையெல்லாம் இல்லை. ஆகவே 600 டாலர் வீட்டுக்குப் பாண்ட் 2,400. இந்த 2,400 என்ற எண்தான் குடியேறுகிறவர்கள் காகிதத்தில் முதலில் பார்ப்பது. அதை ஒரு மாத வாடகை என்று மனதில் பதிய வைத்துக்கொள்கிறார்கள். பாண்டுக்கு நான்கு வாரம் என்பது சட்டம் வைத்த வரம்பு. அங்கே நான்கால் பெருக்குவது சரி. வாடகைக்கு அந்த எண்ணை எடுத்துவரக் கூடாது. விக்டோரியாவில் வார வாடகை 900 டாலர் வரை இருந்தால் பாண்ட் ஒரு மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. ஆகவே அதே 600 டாலர் வீட்டுக்கு அங்கே பாண்ட் 2,607 டாலர் வரை கேட்கலாம்.

மாதச் சம்பளக்காரர் ஃபோர்ட்நைட்டில் வாடகை கட்டினால் பாக்கி நிற்காது, ஆனால் வேறொரு தொல்லை வரும். தவணை 1,200 டாலர், வெள்ளிக்கிழமை தோறும் இல்லாமல் ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி. 2026 ஜனவரி 2-ஆம் தேதி வெள்ளிக்கிழமை தொடங்கினால் ஜனவரியிலேயே 2, 16, 30 என்று மூன்று தவணை. பிறகு பிப்ரவரி முதல் ஜூன் வரை மாதத்துக்கு இரண்டு. ஐந்து மாதம் இரண்டு தவணையாகவே போனதால் வாடகை மாதம் 2,400 என்று குடும்பமே பழகிப்போயிருக்கும். ஜூலையில் 3, 17, 31 என்று மறுபடி மூன்று தவணை வந்து நிற்கும், 3,600 டாலர். எதிர்பாராத செலவு வந்துவிட்டதே என்று கடன் அட்டையைத் தேய்ப்பார்கள். எதிர்பாராத செலவு அதில் எதுவுமே இல்லை. மற்ற மாதங்களில் மாதம் 200 டாலரைத் தனியாக ஒதுக்கியிருந்தால் அது தயாராக இருந்திருக்கும். 2,600 என்ற மாத எண் வேண்டியது இதற்குத்தான். கட்டுவது 2,400 ஆக இருந்தாலும் வாடகைக்கென்று எடுத்துவைப்பது 2,600 ஆக இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை வாடகை கட்டுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2026 ஜனவரி 1 வியாழக்கிழமை, டிசம்பர் 31-உம் வியாழக்கிழமை. ஜனவரி 1-ஆம் தேதி முதல் தவணை கட்டியவருக்கு அந்த ஆண்டில் 26 அல்ல, 27 தவணை வரும். ஆண்டுக்கு 26 என்று பெருக்கியவர்கள் கடைசி நாளில் 1,200 டாலர் இடிக்கிறதே என்று தேடுவார்கள். அந்தத் தவணையில் பெரும்பகுதி 2027-இல் குடியிருப்பதற்கான வாடகை, ஆகவே நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் பணம் கையைவிட்டுப் போவது 2026-இல்தான்.

வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் மாணவர்கள் நடுவில் இந்தக் கணக்கு நட்பையே கெடுக்கிறது. மூன்று பேர், வாரம் 750 டாலர் வீடு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் ஒருவர். வாரா வாரம் அவர்தான் ஏஜென்டுக்குக் கட்டுகிறார். புதிதாக வந்த பையன் கேட்கிறான்: "அண்ணா, மாசத்துக்கு நான் எவ்வளவு தரணும்?" வாரம் 250, நாலு வாரம், ஆயிரம் கொடு தம்பி என்று இவரும் சொல்லிவிடுகிறார். ஆண்டுக்கு 52 வாரம் வைத்தால்கூட வீட்டு வாடகை மாதம் 3,250. இரண்டு தம்பிகள் ஆயிரம் ஆயிரம் கொடுத்தால் அண்ணன் தலையில் விழுவது 1,250. ஆண்டு முடியும்போது மற்ற ஒவ்வொருவரையும்விட 3,000 டாலர் கூடுதலாக அவர் கொடுத்திருப்பார். மாதக் கடைசியில் கையில் ஏன் பணம் நிற்பதில்லை என்று அவருக்கே தெரியாமல் இருக்கும். தெரிந்து கேட்டாலோ, "நீங்கதானே ஆயிரம்னு சொன்னீங்க" என்று பதில் வரும். முதல் நாளே 1,083 என்று சொல்லியிருந்தால் பேச்சே எழுந்திருக்காது.

இதுவரை பார்த்தது வாரத்தை மாதமாக்கும்போது குறைந்துபோகிற கணக்கு. மாதத்தை வாரமாக்கும்போது அதே நான்கு எதிர்த்திசையில் வேலை செய்யும். வார வாடகை உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். இங்கிலாந்தில் இது சட்டத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம். அங்கே வீடுகளுக்குப் பெரும்பாலும் மாத வாடகை. ஆனால் 2019-இல் வந்த குடியிருப்போர் கட்டணச் சட்டம், ஆண்டு வாடகை 50,000 பவுனுக்குக் குறைவாக உள்ள வீடுகளுக்கு முன்வைப்புத் தொகை ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒரு வார வாடகை எது? ஆண்டு வாடகையை 52 ஆல் வகுத்து வருவது என்று சட்டமே சொல்லிவிட்டது. மாதம் 1,300 பவுன் வீட்டுக்கு ஆண்டு வாடகை 15,600. 52 ஆல் வகுத்தால் வாரத்துக்குச் சரியாக 300. ஐந்து வாரத்துக்கு 1,500 பவுன். வீட்டுக்காரர் 1,300-ஐ நான்கால் வகுத்து வாரம் 325 என்று வைத்துக்கொண்டால் 1,625 கேட்பார். 125 பவுன் சட்டத்துக்கு மேல். இங்கே தவறு வாடகைக்கு இருப்பவரின் பையைக் கடிக்கிறது. லண்டன் பக்கம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பும் பெற்றோர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்பலாம்.

மாதத்தின் நடுவில் வீட்டைக் காலி செய்யும்போதும் மாத வாடகையிலிருந்து நாள் வாடகைக்கு வரக் கூடாது. 2,607-ஐ 31 ஆல் வகுத்தால் நாளுக்கு 84.10, பிப்ரவரியில் 28 ஆல் வகுத்தால் 93.11. ஒரே வீட்டுக்கு ஒரு நாள் வாடகை மாதத்துக்கு மாதம் மாறுவதில் நியாயம் இல்லை. வாரத்துக்கு 600 என்று ஒத்துக்கொண்ட வீட்டுக்கு நாள் வாடகை அதில் ஏழில் ஒரு பங்கு, 85.71. கடைசிக் கணக்குத் தாள் வரும்போது தங்கிய நாட்களை எண்ணி இந்தத் தொகையால் பெருக்கிப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வார வாடகை, மாத வாடகை, ஆண்டு வாடகை மூன்றையும் ஒரே தாளில் எழுதித் தரும்படி ஏஜென்டிடம் கேளுங்கள். வாரத் தொகைக்கும் மாதத் தொகைக்கும் நடுவில் சரியாக நான்கு மடங்கு இருந்தால், அது மாத வாடகையா, 28 நாள் வாடகையா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பிறகு பேனாவை எடுங்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள் வங்கியில் தானாகப் போகும் தொகையை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.